பழைய காருக்கு என்ன விலை கிடைக்கும்? சிங்கப்பூர்க் கணக்கு

கார் வாங்கப் போகிறோம் என்று வீட்டில் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் சொல்வார்: "ஜப்பான் கார் வாங்கு, ரீசேல் நல்லா இருக்கும்." ஜோகூரில் இருக்கும் உறவினரும் அதையே சொல்வார். அவருக்கு அது சரி. மலேசியாவில் ஒரு காரை இருபது ஆண்டுகள்கூட ஓட்டலாம் என்பதால், நெடுநாள் பழுதில்லாமல் ஓடும் என்று பேர் வாங்கிய வண்டிக்கு விலை இறங்காது. சிங்கப்பூரில் அந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். இங்கே பழைய காரின் விலையில் ஒரு பெரிய பங்கு காருக்கே உரியதில்லை, அதோடு வரும் காகிதங்களுக்கு உரியது. அந்தப் பங்கைத் தனியே பிரித்துவிட்டால், எந்த மாடல் உண்மையில் விலையைக் காப்பாற்றுகிறது என்பது தெரிந்துவிடும். மூன்று ஆண்டு கழித்து என்ன கிடைக்கும் என்றும் ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் அந்தக் காகிதங்கள். கார் வாங்கும்போது வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, எடுக்க வேண்டும். மாதம் இருமுறை ஏலம் நடக்கும். ஏலத்தில் முடிவாகும் விலையைக் கட்டினால் 10 ஆண்டுகள் ஓட்டலாம். குத்தகைக் காலம் ஓட ஓட மதிப்புக் குறையும் வீடு மாதிரிதான் இதுவும். குத்தகை மட்டும் 99 ஆண்டுக்குப் பதில் 10 ஆண்டு. காலம் முடியும் முன்பே காரைப் பதிவிலிருந்து நீக்கினால், மிச்சமிருக்கும் நாள்களுக்கு ஏற்ப சிஓஇ பணம் திரும்ப வரும். 5 ஆண்டு ஓட்டி முடித்திருந்தால் கட்டியதில் பாதி.

இரண்டாவது, கூடுதல் பதிவுக் கட்டணம். ஏஆர்எஃப் என்பார்கள். கார் துறைமுகத்துக்கு வந்து சேரும்போது சுங்கத்துறை அதற்கு ஒரு மதிப்புப் போடும். அதுதான் ஓஎம்வி. அந்த மதிப்பின் மீது படிப்படியாக ஏறும் விகிதத்தில் ஏஆர்எஃப் கணக்கிடப்படும். விலை உயர்ந்த காருக்கு விகிதமும் கூடும். 10 ஆண்டு முடிவதற்குள் காரைப் பதிவிலிருந்து நீக்கினால் இதிலும் ஒரு பங்கு திரும்ப வரும். அதற்குப் பெயர் பார்ஃப். கீழே நான் எடுத்துக்கொள்ளும் காருக்குப் பொருந்தும் விதிப்படி, 5 வயதுக்குள் நீக்கினால் ஏஆர்எஃபில் 75 விழுக்காடு. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் 5 புள்ளி குறைந்து, பத்தாவது ஆண்டில் 50 விழுக்காடு.

ஓர் எச்சரிக்கை. இந்த விதிகள் வரவு செலவுத் திட்டத்தில் மாறும். எடுத்துக்காட்டாக, 2023 பிப்ரவரியில் ஏஆர்எஃபின் மேல்படிகளை உயர்த்தி, பார்ஃபுக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பும் வைத்தார்கள். ஒரு கார் எந்தக் காலத்து சிஓஇயோடு பதிவானதோ, அந்தக் காலத்து விதியே அதற்கு. ஆகவே நண்பர் அனுப்பிய அட்டவணையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் OneMotoring தளத்தில் வண்டி எண்ணையும் அது கேட்கும் உரிமையாளர் விவரத்தையும் கொடுத்தால் அந்தக் காருக்கான தொகையே வந்துவிடும்.

சிஓஇ மிச்சம், பார்ஃப் இரண்டையும் கூட்டினால் வருவதைப் பழைய கார் டீலர்கள் "பேப்பர் வேல்யூ" என்பார்கள். நாம் காகித மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். காரின் விலைக்கு இது ஒரு தரை. கார் எவ்வளவு மோசமாக இருந்தாலும், வாங்க ஆளே இல்லாவிட்டாலும், பதிவை நீக்கி இந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். வெறும் உடலுக்கும் பழைய இரும்புக் கடைக்காரரோ ஏற்றுமதி செய்பவரோ கொஞ்சம் தருவார், அது தனி.

இப்போது இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை, ஆனால் நடப்புக்கு ஒத்துப்போகும்படி வைத்திருக்கிறேன். இரண்டும் 2021 நடுவில் 45,000 வெள்ளி சிஓஇயோடு பதிவானவை. ஒன்று ஜப்பானிய 1.6 லிட்டர் செடான், ஓஎம்வி 22,000. மற்றது ஐரோப்பிய ஹேட்ச்பேக், ஓஎம்வி 32,000. அன்றைய விதிப்படி முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அதற்கு மேல் உள்ளதற்கு 140 விழுக்காடு ஏஆர்எஃப். ஜப்பானியக் காருக்கு 22,800, ஐரோப்பியக் காருக்கு 36,800 வருகிறது. தீர்வை, ஜிஎஸ்டி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் முதலாவதன் அடக்க விலை ஏறத்தாழ 96,300, இரண்டாவதன் அடக்க விலை ஏறத்தாழ 123,100. ஷோரூமில் ஜப்பானியக் கார் 110,000, ஐரோப்பியக் கார் 150,000 என்று வைப்போம்.

இங்கேயே ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. அடக்க விலைக்கும் ஷோரூம் விலைக்கும் இடையே முதல் காரில் 13,700, இரண்டாவதில் 26,900 வெள்ளி. முகவரின் செலவு, லாபம், விளம்பரம், இலவச சர்வீஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். அடுத்து வாங்குபவர் இதற்காகத் தனியே பணம் தரப்போவதில்லை. "ஐரோப்பியக் கார் சட்டென்று விலை இறங்கும்" என்பதற்கு நம் ஊரில் உள்ள முதல் காரணம் பழுது அல்ல, இந்த இடைவெளி. புதுக் கார் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது அடியில் போட்டிருக்கும் ஓஎம்வியையும் பாருங்கள். இரண்டு கார்களின் ஓஎம்வி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து விலை மட்டும் 25,000 வெள்ளி வித்தியாசப்பட்டால், அந்த 25,000த்தில் பெரும்பகுதி உங்களுக்குத் திரும்பி வராது.

ஐந்து ஆண்டு ஓடிவிட்டது. காகித மதிப்பைப் பார்ப்போம். இரண்டு காருக்கும் சிஓஇயில் பாதி, 22,500. ஜப்பானியக் காரின் பார்ஃப் 17,100, ஐரோப்பியக் காருக்கு 27,600. ஆக, தரை விலை முறையே 39,600, 50,100. சந்தையில் அதே மாடல், அதே வயதுக் கார்கள் முறையே 76,400, 78,400 என்று விளம்பரத்தில் இருக்கின்றன என்று வைப்போம்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஐரோப்பியக் கார் 2,000 வெள்ளி கூடுதலாகப் போகிறது. அதிலிருந்து காகித மதிப்பைக் கழியுங்கள். ஜப்பானியக் காருக்குச் சந்தை தரையைவிட 36,800 அதிகம் தருகிறது, ஐரோப்பியக் காருக்கு 28,300தான். இந்த மிகைதான் மாடலின் உண்மையான செல்வாக்கு. வாங்கிய விலையிலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவு: ஜப்பானியக் காரில் ஐந்து ஆண்டில் 33,600 போயிற்று, மற்றதில் 71,600. காகித மதிப்பு கூடுதலாக இருப்பது நல்ல ரீசேலுக்கு அடையாளமில்லை. நாம் முன்னால் அதிகம் கட்டியதால் அதிகம் திரும்பி வருகிறது, அவ்வளவே.

சரி, அந்த மிகை ஏன் ஒரு மாடலுக்குக் கூடுகிறது, ஒன்றுக்குக் குறைகிறது?

இங்கே பழைய கார் வாங்குபவர் பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது ஆண்டில் உள்ளதை வாங்குகிறார். முகவரின் உத்தரவாதம் அநேகமாக அப்போது முடிந்திருக்கும். அவர் மனத்தில் இருக்கும் ஒரே கேள்வி, மிச்சமுள்ள ஆண்டுகளில் வொர்க்‌ஷாப்புக்கு எவ்வளவு அழ வேண்டும் என்பது. யூபியிலோ காக்கி புக்கிட்டிலோ எந்த வொர்க்‌ஷாப்பில் விட்டாலும் பழுது பார்க்கக்கூடிய, உதிரிபாகம் அன்றே கிடைக்கக்கூடிய கார் என்றால் அந்த பயம் இல்லை. ஒரு குறிப்பிட்ட கியர்பாக்ஸ் ஏழாவது ஆண்டில் தகராறு செய்யும் என்று பேர் கெட்டுவிட்டால், நன்றாக ஓடும் காருக்கும் சேர்த்தே விலை இறங்கும். கியர்பாக்ஸ் மாற்றும் செலவை வாங்குபவர் மனத்துக்குள் இப்போதே கழித்துவிடுகிறார்.

அடுத்த காரணம் வாடகைக்கு ஓட்டுபவர்கள். தனியார் வாடகை கார் ஓட்டுநருக்கு ஒரு நாளில் ஓடும் தூரம் நம்மைவிடப் பல மடங்கு. எரிபொருள் குறைவாகக் குடிக்கும் ஹைபிரிட், பின்னிருக்கை விசாலமாக உள்ள செடான், ஏழு பேர் உட்காரும் வண்டி ஆகியவற்றுக்கு அவர்களிடம் எப்போதும் கேட்பு உண்டு. குடும்பத்துக்காக வாங்கும் நமக்கு அது இரண்டாவது வாங்கும் கூட்டமாக வந்து சேர்கிறது. விற்கும்போது கேட்பவர் இரு தரப்பாக இருந்தால் விலை அவ்வளவு எளிதில் சரியாது. ஸ்போர்ட்ஸ் கூபேக்கு அந்தக் கூட்டம் இல்லை. நிறமும் இதே கதைதான்: வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்றால் யாரும் வாங்குவார்கள். பளிச்சென்ற மஞ்சள் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், விற்கும்போது அதே மாதிரி ரசனை உள்ள ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்சாரக் காரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மின்சாரக் காருக்கு அரசு சலுகை தந்தது. அந்தச் சலுகை ரொக்கமாகக் கையில் வருவதில்லை, ஏஆர்எஃபிலிருந்து கழிக்கப்படுகிறது. 2022 தொடக்கத்திலிருந்து மின்சாரக் காருக்கு ஏஆர்எஃப் பூஜ்யம் வரை இறங்கலாம் என்றும் விட்டார்கள். 25,000 வெள்ளி ஓஎம்வி உள்ள மின்சாரக் காரின் ஏஆர்எஃப் 27,000. அதில் இரண்டு திட்டங்களின் தள்ளுபடியும் கழிந்தால் அந்நாளில் மிச்சம் ஒன்றுமே இல்லாமல் போகக்கூடும். பார்ஃப் என்பது கட்டிய ஏஆர்எஃபின் பங்கு. கட்டியது பூஜ்யம் என்றால் திரும்ப வருவதும் பூஜ்யம். அத்தகைய காரின் தரை முழுக்க முழுக்க சிஓஇ மிச்சம் மட்டுமே. அது பத்தாம் ஆண்டில் ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும். இது ஏமாற்று இல்லை, அந்தப் பணத்தை வாங்கும்போதே விலைக்குறைவாகப் பெற்றுவிட்டீர்கள். ஆனால் பெட்ரோல் காரின் மறுவிற்பனை விலையோடு அதை நேருக்கு நேர் ஒப்பிட்டு "மின்சாரக் கார் விலை நிற்காது" என்று சொன்னால் அது பாதிக் கணக்கு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்: பின்னாளில் என்ன கிடைக்கும் என்று எப்படி மதிப்பிடுவது?

பழைய கார்ச் சந்தை முழுவதும் ஒரே அளவுகோலில் பேசுகிறது, ஆண்டுத் தேய்மானம். "டிப்ரி எவ்வளவு?" என்பதுதான் இங்கே முதல் கேள்வி. விலையிலிருந்து பத்தாம் ஆண்டு முடிவில் வரப்போகும் பார்ஃபைக் கழித்து, மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் அது கிடைக்கும். நம் ஜப்பானியக் காரின் கடைசிப் பார்ஃப் 11,400. 76,400இலிருந்து அதைக் கழித்தால் 65,000, ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 13,000. ஐரோப்பியக் காருக்குக் கடைசிப் பார்ஃப் 18,400, ஆகவே ஆண்டுக்கு 12,000. இந்த அளவுகோலில் ஒரு வசதி, வெவ்வேறு வயதுக் கார்களை ஒப்பிடலாம். ஒரு தொல்லையும் உண்டு. காரைக் கடைசி நாள் வரை வைத்திருப்பீர்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நடுவில் விற்றால் வேறு கதை.

ஒருவர் அந்த ஜப்பானியக் காரை இன்று 76,400 கொடுத்து வாங்கி, மூன்று ஆண்டு ஓட்டிவிட்டு விற்க நினைக்கிறார் என்று வைப்போம். அப்போது காருக்கு எட்டு வயது ஆகப்போகும், இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம். முதலில் தரையைக் கணக்கிடுங்கள், அதில் ஊகம் எதுவுமில்லை. சிஓஇ மிச்சம் 45,000இல் ஐந்தில் ஒரு பங்கு, 9,000. எட்டு வயதைத் தாண்டாத வரை பார்ஃப் 60 விழுக்காடு, 13,680. ஆக 22,680. இதற்குக் கீழே போகாது.

அப்புறம் சந்தை விலை. இங்கேதான் ஊகம். இன்று எட்டு வயதான அதே மாடல் கார்கள் என்ன டிப்ரியில் விற்கின்றன என்று sgCarMart மாதிரியான தளத்தில் பாருங்கள். உங்கள் கார் மூன்று ஆண்டு கழித்து இருக்கப்போகும் நிலை அதுதான். பொதுவாகச் சந்தை நிலவரம் மாறாமல் இருந்தால் வயதான காரின் டிப்ரி கொஞ்சம் குறைவாக இருக்கும், ஏனென்றால் பழுதுச் செலவு கூடுகிறது, கடனுக்கான காலமும் சுருங்குகிறது. 10,000 என்று கண்டால், இரண்டு ஆண்டுக்கு 20,000, கடைசிப் பார்ஃப் 11,400, மொத்தம் 31,400. அப்படியானால் உங்கள் செலவு மூன்று ஆண்டில் 45,000, ஆண்டுக்கு 15,000. விளம்பரத்தில் பார்த்த 13,000 ஆண்டுக்கு 15,000 ஆகிவிட்டது. காரணம் எளிது: மிச்சமுள்ள ஆண்டுகளை நீங்கள் 13,000க்கு வாங்கி 10,000க்கு விற்றீர்கள், அந்த வித்தியாசம் மூன்று ஆண்டின் மேல் ஏறிக்கொண்டது.

ஒரே எண்ணை நம்பி உட்காராமல் நல்லது, கெட்டது இரண்டையும் போட்டுப் பாருங்கள். சிஓஇ விலை உயரமாகவே நின்று டிப்ரி 13,000இலேயே இருந்தால் கார் 37,400 பெறும். சிஓஇ நன்றாக இறங்கி டிப்ரி 7,000 ஆனால் 25,400. ஆக, மூன்று ஆண்டு கழித்துக் கிடைக்கப்போவது சுமார் 25,000க்கும் 37,000க்கும் நடுவில். இதைவிடத் துல்லியமாக ஒருவர் சொன்னால் அவர் காரை விற்க முயல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிஓஇ ஏன் இவ்வளவு ஆட்டுகிறது என்றால், பழைய கார் வாங்குபவர் எப்போதும் புதுக் காரின் விலையோடுதான் ஒப்பிடுகிறார். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டது. அப்போது சில ஆண்டுகளுக்கு முன் 30,000, 40,000க்கு சிஓஇ எடுத்தவர்களின் கார்கள் விலை இறங்கவே மறுத்தன. வாங்கிய விலைக்குப் பக்கத்திலேயே விற்றவர்களும் உண்டு. அதை மாடலின் சாமர்த்தியம் என்று நினைத்தவர்கள் நிறைய. உண்மையில் அது ஏலத்தின் வேலை. "என் கார் நாலு வருஷம் ஓட்டியும் 5,000தான் இறங்கிச்சு" என்று யாராவது சொன்னால், மாடலைக் கேட்பதற்கு முன் எந்த மாதம் வாங்கினார், எந்த மாதம் விற்றார் என்று கேளுங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். 100,000க்கு சிஓஇ எடுத்த காருக்கு ஐந்தாம் ஆண்டில் சிஓஇ மிச்சம் மட்டுமே 50,000. அதற்குள் ஏலவிலை 50,000க்கு இறங்கிவிட்டது என்று வைப்போம். முழுப் பத்து ஆண்டுக்கான புது சிஓஇயே 50,000க்குக் கிடைக்கும்போது, ஐந்து ஆண்டு மிச்சத்துக்கு யார் அவ்வளவு தருவார்? சந்தை விலை தரையைத் தொடும், தரைக்குக் கீழேயும் கேட்பார்கள். அந்த நிலையில் விற்பதைவிடப் பதிவை நீக்குவது லாபம். அதனால்தான் முதலில் தரையைக் கணக்கிடச் சொன்னேன். டீலர் சொல்லும் விலை காகித மதிப்புக்கு மிக அருகில் இருந்தால், அவர் உங்கள் காருக்கு ஒன்றும் தரவில்லை, அரசு தரப்போகும் பணத்தையே உங்களுக்கு முன்கூட்டித் தருகிறார்.

மாடலையும் சிஓஇயையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரே மாதத்தில் பதிவான, ஒரே சிஓஇ பிரிவைச் சேர்ந்த இரண்டு மாடல்களை இன்றைய விளம்பரங்களில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏலத்தின் தாக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே டிப்ரியில் தெரியும் வித்தியாசம் மாடலுடையது. ஒவ்வொரு மாடலுக்கும் ஆறேழு விளம்பரங்கள் பாருங்கள். ஒரு கார் மட்டும் மற்றவற்றைவிட ஆண்டுக்கு 2,000 குறைவாக இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது: முன்பு வாடகைக்கு ஓடியிருக்கலாம், ஓட்டிய தூரம் மிக அதிகமாக இருக்கலாம், நான்கைந்து கை மாறியிருக்கலாம். காரின் பதிவு விவரங்கள் அடங்கிய லாக் கார்டில் உரிமை மாற்றங்களின் எண்ணிக்கையும் ஓஎம்வியும் கட்டிய ஏஆர்எஃபும் இருக்கும். அதைக் காட்டத் தயங்குபவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பத்து ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு இந்தக் கணக்கு வேறு. சிஓஇயைப் புதுப்பித்துவிட்டால் பார்ஃப் போய்விடும். விலை முழுவதையும் மிச்ச ஆண்டுகளால் வகுக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் அதற்கு மேல் நீட்டிக்கவும் முடியாது.

விற்கும் மாதத்தையும் கவனியுங்கள். பார்ஃப் படிப்படியாக இறங்குவது காரின் பிறந்தநாளில்தான், மற்ற நாள்களில் அல்ல. நம் ஜப்பானியக் காருக்கு ஐந்து வயது நிறைந்து ஒரு நாள் கழித்து நீக்கினால் 17,100, 15,960 ஆகிவிடும். சிறிய காரில் 1,140 வெள்ளி. ஏஆர்எஃப் 80,000 கட்டிய காரில் அதே ஒரு நாளுக்கு 4,000. டீலருக்கு இது நன்றாகவே தெரியும். அந்த நாளுக்கு முந்தைய வாரத்தில் போய் நின்றால், நமக்கு அவசரம் என்று புரிந்துகொண்டு பேசுவார். இரண்டு மாதம் முன்பே விலை கேட்கத் தொடங்குவது நல்லது.

கடைசியாக, விளம்பரத்தில் உள்ள விலை டீலர் கேட்கும் விலை, உங்களுக்குத் தரும் விலை அல்ல. அவருக்கு லாபமும் வேண்டும், பாலிஷ், டயர், சின்னச் சின்னப் பழுது, கார் நிற்கும் இடத்தின் வாடகை எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். 31,400 என்று போட்ட மதிப்பீட்டை நேரடியாக ஒருவருக்கு விற்றால் ஓரளவு எட்டலாம், டீலரிடம் போனால் சில ஆயிரம் குறையும். காரின் மேல் கடன் இருந்தால், முன்கூட்டி அடைப்பதற்கான தொகையை வங்கியிடம் கேட்டு அதையும் கழித்துவிடுங்கள். முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடும் தட்டை வட்டிக் கடனில் அந்தத் தொகை, இதுவரை கட்டிய தவணைகளை வைத்து நாமே மனக்கணக்காகப் போடுவதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.